ஊருக்கு ஆர்.ஓ. இயந்திரம் வாங்கும்போது: கொட்டேஷன் கேட்பதும் புள்ளியிடுவதும்

கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றுக்கு ஒரு செயற்றிட்டத்தின் கீழ் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்க நிதி கிடைத்திருக்கிறது. நீங்கள்தான் செயலாளர். நிதி தந்தவர்கள் மூன்று கொட்டேஷன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், தெரிந்த மூன்று கொம்பனிகளுக்குத் தொலைபேசி எடுத்து, “மணிக்கு ஐந்நூறு லீற்றர் ஆர்.ஓ. மெசினுக்கு ஒரு விலை அனுப்புங்கோ” என்பார்கள். மூன்று கடிதம் வரும். மூன்றும் மூன்று வெவ்வேறு பொருளுக்கான விலையாக இருக்கும். ஒன்றில் பொருத்தும் செலவு இருக்கும், மற்றதில் இருக்காது. ஒன்றில் வற் வரி சேர்ந்திருக்கும், மற்றதில் கடைசி வரியில் பொடி எழுத்தில் “வரி தனி” என்றிருக்கும். இவற்றை அருகருகே வைத்து எவ்வளவு நேர்மையாகப் புள்ளி போட்டாலும் ஒப்பீடு பிழையாகத்தான் வரும்.

ஆகவே நியாயமான தெரிவு விலைமனுக் கோரலை எழுதும்போதே தொடங்கிவிடுகிறது. வலிகாமம் பக்கத்துக் கிராமம் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொண்டு, கோரல் எழுதுவதிலிருந்து கடைசிக் கொடுப்பனவு வரை போவோம். கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்தவை, சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிறது. அதனால் வன்தன்மை அதிகம். தோட்டக் காணிகளுக்கு நடுவே இருக்கும் கிணறுகளில் பசளையால் வந்த நைத்திரேற்று இருக்கும். கடற்கரைக்கும் தீவுகளுக்கும் போகப் போக உப்பு ஏறும். ஒரே இயந்திரம் கோப்பாயில் ஒரு மாதிரியும் வேலணையில் வேறு மாதிரியும் வேலை செய்வது இதனால்தான். எனவே ஆய்வறிக்கை இல்லாமல் கேட்கும் கொட்டேஷனுக்குப் பெறுமதி இல்லை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலோ வேறு தகுதியான ஆய்வுகூடத்திலோ சோதித்து, அறிக்கையின் பிரதியைக் கோரலின் இணைப்பு 1 ஆகச் சேருங்கள்.

எப்போது நீர் எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மாரி தொடங்குமுன், ஆவணி புரட்டாதியில் எடுத்தால் உப்பின் உச்சம் தெரியும். நைத்திரேற்று அப்படியில்லை. மழை பெய்து பசளை கீழே கசிந்த பிறகு அது கூடலாம். முடிந்தால் இரண்டு காலத்திலும் ஒவ்வொரு மாதிரி எடுத்து, எது மோசமோ அதை இயந்திரத்துக்குரிய அளவாகக் கொடுங்கள். நம்முடைய உதாரணக் கிணற்றில் கரைந்த திண்மங்கள் லீற்றருக்கு 1,400 மில்லிகிராம், வன்தன்மை 560, நைத்திரேற்று 80 என்று வைப்போம். குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614 இவற்றுக்கு முறையே 500, 250, 50 என்று எல்லை வைத்திருக்கிறது. மூன்றுமே எல்லையைத் தாண்டிவிட்டன.

அடுத்தது தேவை. 400 குடும்பம், குடிக்கவும் சமைக்கவும் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 10 லீற்றர், ஆக 4,000 லீற்றர். நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் மணிக்கு 500 லீற்றர் வேண்டும். கூடவே கிணற்றிலிருந்து எடுக்க வேண்டிய அளவையும் பாருங்கள். பாதி நீர் கழிவாகப் போகும் என்றால் மணிக்கு 1,000 லீற்றர் இறைக்க வேண்டும். அதற்குக் கிணறு தாங்குமா, அல்லது அடியிலிருந்து உப்பு ஏறிவிடுமா என்பதைக் கோரல் அனுப்ப முன்னரே பம்பு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு எந்த வழங்குநரும் பொறுப்பெடுக்க மாட்டார்.

பிராண்ட் பெயரை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள்

பக்கத்து ஊர் இயந்திரத்தின் பிரசுரத்தைப் பார்த்து அப்படியே பிரதி எடுப்பது ஒரு வழக்கம். அப்படிச் செய்தால் அந்த ஒரு கொம்பனிக்கு மட்டும் பொருந்தும் விவரக்குறிப்பு வந்துவிடும், மற்ற இருவரும் ஒப்புக்கு விலை தருவார்கள். இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இப்படி:

“இணைப்பு 1 இல் உள்ள கிணற்று நீரைக் கொண்டு, இயந்திரம் மணிக்கு 500 லீற்றருக்குக் குறையாத குடிநீரைத் தர வேண்டும். அக்குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 25 மில்லிகிராமையும், மொத்தக் கரைந்த திண்மங்கள் 150 மில்லிகிராமையும் மீறக்கூடாது. இறைக்கும் நீரில் பாதிக்குக் குறையாத பங்கு குடிநீராக வர வேண்டும். ஒரு மெம்பிரேனிலிருந்து மணிக்கு 250 லீற்றருக்கு மேல் எடுக்கும் வடிவமைப்பு ஏற்கப்படாது.”

கடைசி வரியை ஏன் போட்டோம் என்று கேட்பீர்கள். மெம்பிரேன் என்பது தண்ணீரிலிருந்து உப்பை வடிக்கும் சவ்வு. இந்த அளவு இயந்திரங்களில் வழக்கமாக 4 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் கொண்ட மெம்பிரேன் வரும். அதன் பிரசுரத்தில் நாளுக்கு 9 கன மீற்றர் அளவு, அதாவது மணிக்கு 380 லீற்றர் என்று போட்டிருக்கும். அது ஆய்வுகூடத்தில் சுத்தமான உப்புக் கரைசலை 25 பாகை வெப்பநிலையில் விட்டு எடுத்த எண். சுண்ணாம்பு நிறைந்த நம்முடைய கிணற்று நீரில் அவ்வளவு இழுத்தால் மெம்பிரேன் மேற்பரப்பில் சுண்ணாம்பு படிந்து, சில மாதங்களிலேயே நீர் வரத்துக் குறைந்துவிடும். இரண்டு மெம்பிரேன் போட்டால் ஒன்றுக்கு 250 லீற்றர், மூன்று போட்டால் 167. மலிவான கொட்டேஷனில் இரண்டுதான் இருக்கும். ஓடும், ஆனால் எல்லையிலேயே ஓடும். இந்த வித்தியாசம் “500 லீற்றர் ஆர்.ஓ.” என்ற ஒற்றை வரிக்குள் தெரியாமல் போய்விடும்.

கழிவு நீரையும் மறக்க வேண்டாம். நாளுக்கு 4,000 லீற்றர் வெளியேறும், அதில் உப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருக்கும். அதைக் கிணற்றடியில் விட்டால் அடுத்த வருடம் அதே உப்பைத்தான் திரும்ப வடிப்பீர்கள். எங்கே விடுவது, எத்தனை மீற்றர் குழாய் என்பதை நீங்களே தீர்மானித்து வேலையின் பகுதியாக எழுதுங்கள்.

விலைப் படிவத்தை நீங்களே கொடுங்கள்

வழங்குநர் தன் கடிதத் தாளில் விருப்பப்படி விலை எழுத விட வேண்டாம். நீங்கள் ஒரு படிவம் தயாரித்து, அதை நிரப்பாத விலைமனு ஏற்கப்படாது என்று சொல்லிவிடுங்கள். இயந்திரம், ஊர் வரை கொண்டுவரும் செலவு, பொருத்தி இயக்கிக் காட்டுதல், பயிற்சி, வற் வரி ஆகியவற்றுக்குத் தனித்தனி வரி வேண்டும். சங்கம் வற் பதிவு இல்லாததென்றால் கட்டிய வரியை மீளப் பெற முடியாது. அப்போது ஒப்பிட வேண்டியது வரியோடு சேர்த்து நம் கையால் போகும் மொத்தத் தொகையை. வற் பதிவு இல்லாத சிறிய வழங்குநரின் விலையில் வரி இல்லாமல் இருப்பது பிழையல்ல. அவருடைய மொத்தத்தை அப்படியே எடுங்கள். நிதி தந்தவர்கள் வரியைத் தனியாகக் கையாள்பவர்கள் என்றால், முன்னரே கேட்டு, எந்த எண்ணை ஒப்பிடுவோம் என்று கோரலில் எழுதிவிடுங்கள்.

படிவத்தின் இரண்டாம் பக்கம்தான் பலர் விடுவது. ஒரு மெம்பிரேனின் விலை, ஒரு வருடத்துக்கு வேண்டிய பில்டர்களும் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் மருந்தும் எவ்வளவு, பம்புகள் இழுக்கும் மின்சாரம் எத்தனை கிலோவாற்று ஆகியவற்றைக் கேளுங்கள். இந்த விலைகள் இரண்டு வருடத்துக்கு மாறாது என்ற உறுதியையும் கேளுங்கள். மலிவாக இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு மருந்திலும் பில்டரிலும் திரும்ப எடுப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல.

புள்ளித் திட்டம் கோரலோடு போக வேண்டும்

விலைகளைப் பார்த்த பிறகு எந்தக் குழுவுக்கும் கை நடுங்காமல் புள்ளித் திட்டம் எழுத வராது. ஆகவே கோரலிலேயே அதை அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்புங்கள். முதலில் ஆம் அல்லது இல்லை என்ற வாசல்: வியாபாரப் பதிவு, நிரப்பிய படிவம், மேலே எழுதிய நீர்த் தரத்துக்கான எழுத்து மூல உத்தரவாதம், ஒரு வருட உத்தரவாதம், இதே போன்ற இரண்டு இடங்களில் பொருத்திய சான்று. ஒன்று இல்லையென்றாலும் புள்ளியிடலுக்குப் போக முடியாது. வாசலில் வைத்ததற்குப் புள்ளி கொடுக்க வேண்டாம், அது ஒரே பொருளை இருமுறை எண்ணுவது.

வாசல் தாண்டியவர்களுக்கு 100 புள்ளி. ஐந்து வருட மொத்தச் செலவுக்கு 50, தொழில்நுட்பத்துக்கு 30, பராமரிப்புக்கு 20. ஒவ்வொன்றுக்கும் படிக்கட்டு எழுதுங்கள். “நன்று”, “மிக நன்று” என்று எழுதினால் புள்ளி போடுபவரின் மனநிலைக்கு ஏற்ப எண் மாறும். மெம்பிரேன் ஒன்றுக்கு மணிக்கு 170 லீற்றர் வரை 15 புள்ளி, 210 வரை 10, 250 வரை 5. குடிநீருக்கும் கழிவுக்கும் தனித்தனி ஓட்டமானி, கிணற்றில் நீர் இல்லாவிட்டால் பம்பை நிறுத்தும் கருவி, குடிநீரின் உப்பை எப்போதும் காட்டும் மானி ஆகியவற்றுக்குத் தலா 5. கோளாறு என்று அழைத்தால் 48 மணித்தியாலத்தில் ஆள் வருவார் என்று எழுதித் தந்தால் 10, ஐந்து நாளில் என்றால் 5, அதற்கு மேல் என்றால் 0. வடமாகாணத்தில் உதிரிப்பாகம் கையிருப்பில் வைத்திருந்தால் 5. தமிழில் கைநூலும் இயக்குநருக்கு இரண்டு நாள் பயிற்சியும் தந்தால் 5.

இன்னொன்று. அரசாங்க நிதியில் வாங்கும் சபை அல்லது திணைக்களம் என்றால் அரச பெறுகை வழிகாட்டல்தான் ஆளும். பொருள் கொள்வனவில் பொதுவாக, நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்களுள் மதிப்பிட்ட விலை குறைந்தவருக்கே போகும். இந்த மாதிரிப் புள்ளித் திட்டம் நிதி தந்தவர்கள் அனுமதிக்கும் சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் உரியது. உங்கள் ஒப்பந்தத்தை முதலில் வாசியுங்கள்.

கேள்வி, திறப்பு, உறவு

கோரல் போன பிறகு ஒருவர் கட்டாயம் அழைப்பார்: “செயலாளர் ஐயா, நிலத்துக்கு கொங்கிரீட் போடுறது நாங்களோ நீங்களோ?” நல்ல கேள்விதான். பதிலை அவருக்கு மட்டும் சொல்லாமல், கேட்டவரின் பெயரைத் தவிர்த்து எல்லோருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். முடிவுத் திகதிக்கு முன் எவருடைய விலையும் எவருக்கும் தெரியக்கூடாது. ஒருவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் வரும் விலைமனுவில் இந்தச் சந்தேகம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிய உறையில் பெற்று, சொன்ன நேரத்தில், வந்திருக்கும் வழங்குநர்கள் முன்னிலையில் திறந்து, மொத்த விலைகளை உரத்து வாசித்து, ஒவ்வொரு பக்கத்திலும் குழு ஒப்பமிடுவது நல்லது. ஐந்து நிமிடம் பிந்திய உறையைத் திறக்காமலே திருப்பிக் கொடுங்கள். அதில் இரக்கம் காட்டினால் மற்ற இருவருக்கும் அநியாயம்.

யாழ்ப்பாணம் சின்ன ஊர். மதிப்பீட்டுக் குழுவில் யாராவது ஒருவருக்கு வழங்குநர் மச்சானாகவோ, ஒரே பாடசாலைப் பழைய மாணவராகவோ இருப்பார். பழைய மாணவர் என்பதற்காக எழுந்து போனால் குழுவே இருக்காது. ஆனால் நெருங்கிய உறவும் பணத் தொடர்பும் வேறு. உறை திறக்க முன் ஒவ்வொருவரும் எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படி உள்ளவர் அந்தக் கொள்வனவில் புள்ளியிடக்கூடாது. கூட்டக் குறிப்பில் அதைப் பதியுங்கள், பிறகு வரும் முணுமுணுப்புக்கு அந்த ஒரு வரி போதும்.

கணக்கைப் போடுவோம்

நான்கு விலைமனு வந்தது என்று வைப்போம். நான்காமவர் எல்லோரையும் விட மலிவு, ஆனால் நைத்திரேற்று உத்தரவாதம் தரவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார். மிச்சம் அ, ஆ, இ.

வாங்கும் விலை, எல்லாம் சேர்த்து, அ 13,80,000 ரூபா, ஆ 17,20,000, இ 15,60,000. இத்துடன் நிறுத்தினால் அ வென்றுவிட்டார். ஐந்து வருட ஓட்டச் செலவைச் சேர்ப்போம். வருடத்துக்கு 300 நாள், 2,400 மணித்தியாலம். மின்சாரம் அலகுக்கு 30 ரூபா என்று எல்லோருக்கும் ஒரே எண். மெம்பிரேன் மூன்று வருடத்தில் ஒரு தடவை மாற்றப்படும் என்பதும் எல்லோருக்கும் ஒரே எண். வழங்குநர்கள் சொல்லும் ஆயுட்காலத்தை எடுத்தால், கூடப் பொய் சொல்பவருக்குக் கூடப் புள்ளி போகும். இவ்விரண்டு அனுமானத்தையும் கோரலிலேயே போட்டிருக்க வேண்டும்.

அவின் பம்புகள் 1.5 கிலோவாற்று. 2,400 மணித்தியாலத்துக்கு 3,600 அலகு, வருடத்துக்கு 1,08,000 ரூபா, ஐந்து வருடத்துக்கு 5,40,000. மருந்தும் பில்டரும் வருடம் 1,20,000 வீதம் 6,00,000. இரண்டு மெம்பிரேன் 75,000 வீதம் 1,50,000. ஆக 12,90,000. வாங்கும் விலையோடு 26,70,000. ஆவுக்கு 1.1 கிலோவாற்று பம்பு, வருடம் 95,000 ரூபா மருந்தும் பில்டரும், 80,000 வீதம் மூன்று மெம்பிரேன். இதே மாதிரிக் கூட்டினால் 28,31,000. இவுக்கு 30,05,000. வாங்கும்போது அவுக்கும் ஆவுக்கும் இருந்த 3,40,000 ரூபா இடைவெளி, ஐந்து வருடத்தில் 1,61,000 ஆகச் சுருங்கிவிட்டது.

விலைப் புள்ளி என்பது, வாசல் தாண்டியவர்களுள் குறைந்த செலவை அவரவர் செலவால் வகுத்து 50 ஆல் பெருக்குவது. மொத்தங்கள் எக்செல்லில் E2 முதல் E4 வரை இருந்தால்:

```
=50*MIN(E$2:E$4)/E2
```

அவுக்கு 50, ஆவுக்கு 47.2, இவுக்கு 44.4. நிராகரித்த நான்காமவரின் வரியை இந்த வீச்சுக்குள் தவறி விட்டுவிடாதீர்கள். அவருடைய மொத்தம் 20,00,000 என்றால் MIN அதையே பிடிக்கும். அவின் புள்ளி 37.5 ஆகவும் ஆவின் புள்ளி 35.3 ஆகவும் இறங்கி, இருவருக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் 2.8 இலிருந்து 2.1 ஆகக் குறையும். போட்டியிலேயே இல்லாதவர் முடிவை மாற்றக்கூடும். கணக்காய்வில் அகப்படும் பிழைகளில் இது ஒன்று.

தொழில்நுட்பத்தில் அவுக்கு 15: மெம்பிரேனுக்கு 5, உப்பு மானி இல்லாததால் கருவிகளுக்கு 10. ஆவுக்கும் இவுக்கும் முழு 30. பராமரிப்பில் யாழ்ப்பாணத்திலேயே கடை வைத்திருக்கும் அ முழு 20 எடுக்கிறார். ஆ கொழும்புக் கொம்பனி, இங்கே ஒரு முகவர் இருப்பதால் 48 மணித்தியாலம் எழுதித் தந்திருக்கிறார், உதிரிப்பாகம் இங்கே இல்லை, ஆக 15. இ 10.

| | செலவு (50) | தொழில்நுட்பம் (30) | பராமரிப்பு (20) | மொத்தம் |
|---|---|---|---|---|
| அ | 50.0 | 15 | 20 | 85.0 |
| ஆ | 47.2 | 30 | 15 | 92.2 |
| இ | 44.4 | 30 | 10 | 84.4 |

வெறும் வாங்கும் விலையை வைத்து இதே திட்டத்தில் போட்டால் அ 85.0, ஆ 85.1, இ 84.2 வரும். ஒரு புள்ளிக்குள் மூவரும். அப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் கேள்வி கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கும்.

புள்ளியிடும்போது மதிப்பீட்டுக் குழுவின் மூன்று பேரும் தனித்தனித் தாளில் போடட்டும். படிக்கட்டு தெளிவாக இருந்தால் எண்கள் ஒத்துவரும். ஒத்துவராத இடத்தில் உடனே சராசரி எடுக்காமல், எந்தப் பக்கத்து ஆவணத்தைப் பார்த்துப் போட்டீர்கள் என்று கேளுங்கள். அனேகமாக ஒருவர் ஒரு இணைப்பைப் பார்க்காமல் விட்டிருப்பார். மாற்றினால் பழைய எண்ணை ஒற்றைக் கோட்டால் வெட்டி, காரணம் எழுதி, ஒப்பமிட வேண்டும்.

முடிவை ஒருமுறை உலுக்கிப் பாருங்கள்

ஆ 7 புள்ளியால் முன்னுக்கு நிற்கிறார். எந்த எண் பிழைத்தால் அவர் கீழே போவார்? 48 மணித்தியால வாக்குறுதி ஐந்து நாளாக மாறினால் 87.2, அப்போதும் முன்னுக்குத்தான். ஐந்து நாளையும் தாண்டினால் 82.2, அ வென்றுவிடுவார். அப்படியென்றால் நீங்கள் சரிபார்க்க வேண்டியது அந்த ஒரு வரிதான். அவர் சான்றாகக் காட்டிய இரண்டு இடங்களுக்கும் அழைத்து, “கடைசியா பழுதானது எப்ப, ஆள் வர எத்தனை நாள் போச்சுது?” என்று இயக்குபவரிடமே கேளுங்கள். தலைவரிடம் கேட்டால் எல்லாம் நல்லது என்பார். மோட்டாரைத் தினமும் போடும் தம்பிக்குத்தான் உண்மை தெரியும். கேட்ட திகதியையும் பதிலையும் கோவையில் போடுங்கள். வென்றவரைப் பற்றி இப்படி விசாரிப்பதும் கோரலில் சொல்லியிருக்க வேண்டிய படிதான்.

பிறகு தோற்றவர்களுக்குக் கடிதம். அவரவர் பெற்ற புள்ளியையும் எந்த இடத்தில் குறைந்தது என்பதையும் எழுதுங்கள், மற்றவரின் விலை விவரத்தை எழுத வேண்டாம். உப்பு மானி இல்லாமல் 5 புள்ளி போனது என்று அவுக்குத் தெரிந்தால் அடுத்த தடவை அதைப் போட்டுத் தருவார்.

கட்டளைக் கடிதத்தில் கொடுப்பனவைப் பிரித்து வையுங்கள். முற்பணம் கொடுப்பதென்றால் வங்கி உத்தரவாதத்துக்கு எதிராக மட்டும். கடைசிப் பங்கு, இயந்திரம் ஒரு வாரம் ஓடிய பிறகு அதன் குடிநீரை நீங்களே போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து, நைத்திரேற்று 25 க்குள் என்று அறிக்கை வந்ததன் பின்னரே. மாதிரி எடுக்கும் நேரத்தில் இரண்டு ஓட்டமானிகளையும் வாசித்து எழுதுங்கள். கழிவுக் குழாயைக் கூடத் திறந்துவிட்டால் நல்ல தரம் காட்டலாம், ஆனால் மணிக்கு 500 லீற்றர் வராது, பாதி நீர் என்ற நிபந்தனையும் பொய்த்துவிடும். மூன்று எண்ணும் ஒரே நேரத்தில் சரியாக வந்தால் காசோலையில் ஒப்பமிடுங்கள்.